பெயர் தாளில், தொடக்கம் நெஞ்சில், நடுப்பகுதி குறிப்பில்
முன்பின் அறியாத ஒருவரை மேடையில் அறிமுகம் செய்ய வேண்டியவர்களுக்கு

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் தொலைபேசி ஒலிக்கிறது. “ஐயா, சிறப்பு விருந்தினரை நீங்கள்தான் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அவருடைய தன்விவரக் குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன்.” சரி என்று சொல்லிவிடுகிறோம். திறந்து பார்த்தால் ஆங்கிலத்தில் மூன்று பக்கங்கள். அந்த மனிதரை நாம் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவருடைய துறையும் நமக்குப் புதிது. மேடையில் கிடைக்கப்போவதோ ஒன்றரை நிமிடம். இதை மனப்பாடம் செய்வதா, எழுதி வைத்து வாசிப்பதா, நான்கு குறிப்புச் சொற்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசுவதா?

கோலார் தங்கவயலில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கேள்வி புதிதன்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் ஊர் இது. பள்ளி ஆண்டு விழா, மன்றக் கூட்டம், ஓய்வுபெற்றோர் சங்கம் என்று மேடைகளுக்கு இங்கே குறைவில்லை. வெளியூரிலிருந்து யாராவது பேச வருவார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் எழுந்து அவரை அறிமுகம் செய்வார்.

நானும் ஒருமுறை அப்படி எழுந்தேன். ஒரு பள்ளி விழா. விருந்தினரைப் பற்றி இருபது வரிகள் எழுதி, இரண்டு நாள் நடந்து நடந்து நெட்டுருப் போட்டிருந்தேன். எனக்கு முன்னால் வரவேற்புரை வழங்கியவர் அந்தக் குறிப்பிலிருந்த செய்திகளில் பாதியை அப்படியே சொல்லிவிட்டார். நான் எழுந்து அதையே அதே சொற்களில் திரும்பவும் ஒப்பித்தேன். முன்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. அடுத்த வரி எங்கோ போய்விட்டது. நினைவுக்கு வந்த கடைசி வரியைச் சொல்லி, “வருக வருக” என்று முடித்து உட்கார்ந்துவிட்டேன். விருந்தினரின் பெயரை நான் சொல்லவே இல்லை. அவரே மைக்கின் முன் வந்து, மெல்லச் சிரித்தபடி, தம் பெயரைச் சொல்லித் தொடங்கினார். அன்று நான் இழந்தது மானம் மட்டுமாக இருந்திருந்தால் கவலையில்லை. அவருக்கு உரிய முதல் மரியாதையை அல்லவா பறித்துவிட்டேன்.

மூன்று வழிகள், மூன்று முறிவுகள்

மனப்பாடம் ஒரு சங்கிலி. ஒவ்வொரு வாக்கியமும் அடுத்ததை இழுத்து வருகிறது. அதனால்தான் நன்றாகப் பாடம் செய்தவர் யோசிக்காமலேயே சரளமாகச் சொல்கிறார். அதே காரணத்தால்தான் ஒரு வளையம் அறுந்தால் மீதிச் சங்கிலி முழுவதும் கையை விட்டுப் போகிறது. முதலிலிருந்து தொடங்கினால் ஒழிய அவரால் நடுவில் நுழைய முடியாது. எனக்கு நேர்ந்ததுபோல், மேடையில் ஏதாவது மாறிவிட்டால் அதற்கேற்பச் சங்கிலியை வளைக்கவும் முடியாது. நம் சொந்த வாழ்க்கையைப் பற்றிய பேச்சில் சொல் மறந்தாலும் பொருள் மறக்காது. வேறு சொல்லால் சமாளித்துவிடலாம். அறியாத ஒருவரைப் பற்றிய பேச்சில் சொற்களுக்குப் பின்னால் நம் நினைவு என்று எதுவும் இல்லை. சொல் போனால் எல்லாம் போயிற்று.

தாளைப் பார்த்து வாசிப்பதில் பிழை நேராது. அந்த ஒரு நன்மை பெரிய நன்மைதான். ஆனால் வாசிப்பவரின் தலை குனிந்துவிடுகிறது. குரல் மைக்கை விட்டுத் தாளை நோக்கி இறங்குகிறது. எழுதும்போது நாம் நீண்ட வாக்கியங்களை எழுதுகிறோம். அவற்றை வாய்விட்டுப் படிக்கும்போது மூச்சு நடுவில் நின்று, தவறான இடத்தில் நிறுத்தம் விழுகிறது. தாளைப் பார்த்தபடியே அறிமுகம் செய்பவரைக் கண்டால், இவருக்கே இந்த விருந்தினர் யாரென்று தெரியாது என்பது அவையோருக்கு நொடியில் விளங்கிவிடும்.

குறிப்புச் சொற்கள் இவ்விரண்டுக்கும் நடுவழி. முகம் அவையைப் பார்க்கிறது. வாக்கியம் அந்தக் கணத்தில் பிறக்கிறது. வரவேற்புரையாளர் ஏற்கெனவே சொன்னதை விட்டுவிடலாம். இந்த வழி புதியதும் அன்று. முதல் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை கற்பித்த குவின்டிலியன், கையில் அடங்கும் சிறு குறிப்பேடுகளை அவ்வப்போது பார்த்துக்கொள்வதை ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஆனால் இந்த வழியும் முறிகிற இடம் உண்டு. குறிப்புச் சொல் ஒரு செய்தியை நினைவூட்டும். அந்தச் செய்தியின் எல்லையை நினைவூட்டாது. இது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சற்றுப் பின்னால் ஓர் உதாரணத்தில் பார்ப்போம்.

வினைமுற்றை எழுதாத குறிப்பு

அதற்கு முன் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். நம் மொழியில் வாக்கியத்தின் முடிவு வினைமுற்றில் இருக்கிறது. “நிறுவனம்”, “1948” என்று பெயர்ச்சொற்களையும் ஆண்டுகளையும் மட்டும் குறித்துக்கொண்டு போனால், “1948-ஆம் ஆண்டு நிறுவனத்தில் சேர்ந்து பணியாற்றிப் பின்னர் பல பொறுப்புகளை வகித்து…” என்று வாக்கியம் எச்சமாகவே நீண்டுகொண்டு போகும். எங்கே முடிப்பது என்று தெரியாது. பேச்சாளர் தடுமாறுவதாக நாம் நினைக்கிற பல இடங்களில் அவருக்குச் செய்தி மறந்திருக்காது. வினைமுற்றுதான் கிடைத்திருக்காது.

ஆகவே தமிழில் குறிப்பு எழுதும்போது ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வினைமுற்றை எழுதிவிட வேண்டும். “1948 – நிறுவனம் – சேர்ந்தார்.” மூன்றே சொற்கள்தாம். ஆனால் வாக்கியம் எங்கே போய் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. இன்னொரு பயனும் உண்டு. “சேர்ந்தார்” என்று எழுதியிருந்தால், மரியாதை விகுதி கடைசி வரை ஒரே சீராக நிற்கும். முதலில் “சேர்ந்தார்” என்றும் பின்னர் “சேர்ந்தாங்க” என்றும் மேடைத் தமிழும் வீட்டுத் தமிழும் கலந்து வராது.

ஒரு பயிற்சி: ஸ்ரீகண்டனை அறிமுகம் செய்வது

இனி ஒரு பயிற்சி செய்து பார்ப்போம். பெயர் பொதுவில் அறியப்பட்டதாகவும், செய்தி நம் ஊரைச் சேர்ந்ததாகவும் இருக்கட்டும். இயற்பியல் அறிஞர் பி. வி. ஸ்ரீகண்டன் 2019-இல் மறைந்தார். 1990-களில் ஒரு மாலை அவர் தங்கவயலுக்குப் பேச வந்ததாகவும், அவரை அறிமுகம் செய்யும் பொறுப்பு நமக்குக் கிடைத்ததாகவும் கற்பனை செய்துகொள்வோம்.

முதல் வேலை, தன்விவரக் குறிப்பில் உள்ளவற்றில் இந்த அவைக்கு வேண்டியது எது என்று தேர்வது. எதிரே இருப்பவர்கள் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையும் உறுப்பினராக இருந்த குழுக்களின் பட்டியலும் அவர்களுக்குத் தேவையில்லை. அவர் நம் சுரங்கத்துக்குள் ஏன் இறங்கினார் என்பதுதான் தேவை. விண்ணிலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பூமியின் மேல் விழுகின்றன. பாறை ஆழமாக ஆழமாக அவற்றைத் தடுத்து வடிகட்டுகிறது. மேலிருந்து வரும் இந்த இரைச்சல் ஏறக்குறைய அடங்கிவிடும் ஆழத்தில்தான், எதனாலும் எளிதில் தடுக்க முடியாத நியூட்ரினோ பாறையில் மிக அரிதாக மோதி உண்டாக்கும் அடையாளத்தைக் காண முடியும். அத்தகைய ஆழம் அன்று உலகில் சில இடங்களிலேயே இருந்தது. தங்கவயல் அவற்றில் ஒன்று.

இதை மனத்தில் கொண்டு முழு உரையையும் ஒருமுறை எழுதிவிட வேண்டும். குறிப்பு வைத்துப் பேசப்போகிறோம் என்பதற்காக இந்தப் படியைத் தாண்டக் கூடாது. முழுதும் எழுதிப் பார்க்காத குறிப்பு, வழி தெரியாதவன் கையில் கொடுத்த ஊர்ப்பெயர்ப் பட்டியல் போன்றது. உரை இப்படி அமையலாம்:

“தங்கத்தைத் தேடிப் பாறைக்கு அடியில் இறங்கியவர்களை நமக்குத் தெரியும். தங்கத்தைத் தேடாமல் அதே கூண்டில் இறங்கிய ஒருவர் இன்று நம்மிடையே அமர்ந்திருக்கிறார். இவர் 1948-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். இளம் ஆய்வாளராக நம் சுரங்கத்துக்கு வந்து, காஸ்மிக் கதிர்கள் பாறைக்குள் எவ்வளவு ஆழம் செல்கின்றன என்று அளந்தார். 1965-இல், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் உருவான நியூட்ரினோக்களின் அடையாளத்தைக் கண்டறிந்த இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் கூட்டுக் குழுவில் இவரும் ஒருவர். 1975 முதல் 1987 வரை தம் நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். 1988-இல் பத்ம பூஷண் விருது பெற்றார். அவ்வளவு ஆழத்தில் எதைத் தேடினார்கள் என்பதை இனி அவரே சொல்லக் கேட்போம். பேராசிரியர் பி. வி. ஸ்ரீகண்டன் அவர்களே, வருக!”

நூறு சொற்களுக்கும் குறைவு. நிதானமாகச் சொன்னால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இப்போது இந்த உரையின் ஒவ்வொரு வாக்கியத்திடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதைச் சற்று மாற்றிச் சொன்னால் தவறாகிவிடுமா?

முதல் இரண்டு வாக்கியங்கள் மாறினால் பொருள் தவறாகாது, ஆனால் சுவை போய்விடும். மேலும் எழுந்து நின்ற முதல் சில விநாடிகளில்தான் நடுக்கம் அதிகம். அந்த நேரத்தில் புதிய வாக்கியம் பிறப்பது கடினம். ஆகவே இவ்விரண்டையும் மனப்பாடம் செய்யலாம். இரண்டே வளையங்கள் உள்ள சங்கிலி எளிதில் அறுவதில்லை. கடைசிக்கு முந்திய வாக்கியத்தையும் இவ்வாறே நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம்.

சேர்ந்ததும் அளந்ததும் இயக்குநராக இருந்ததும் எப்படிச் சொன்னாலும் சரியே. “பன்னிரண்டு ஆண்டுகள் தலைமை தாங்கினார்” என்றாலும் குற்றமில்லை. இவை குறிப்புச் சொற்களுக்கு உரியவை.

எஞ்சியிருப்பது 1965-ஐப் பற்றிய வாக்கியம். இங்கேதான் குறிப்புச் சொல்லின் ஆபத்து இருக்கிறது. “1965 – நியூட்ரினோ – கண்டறிந்தார்” என்று அட்டையில் எழுதியிருந்தால், மேடைச் சூட்டில் அது “உலகிலேயே முதன்முதலாக நியூட்ரினோவைக் கண்டுபிடித்தவர் இவர்தான்” என்று வெளிவரும். அது மூன்று விதத்தில் பிழை. நியூட்ரினோ என்ற துகளை 1956-லேயே அமெரிக்காவில் ரைன்ஸும் கோவனும் அணு உலை ஒன்றின் அருகே கண்டறிந்துவிட்டார்கள். தங்கவயலில் கண்டது வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களின் அடையாளம். அதே 1965-இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இன்னொரு குழுவும் அதைக் கண்டது. நம் சுரங்கத்தில் கண்டதும் ஒரு தனி மனிதர் அல்லர், ஒரு குழு. உண்மையை மதிக்கிற அறிவியலாளர் ஒருவரை இப்படி அறிமுகம் செய்தால், அவர் தம் உரையின் முதல் இரண்டு நிமிடங்களை நம்மைத் திருத்துவதிலேயே செலவிட நேரும். அல்லது திருத்தாமல் இருந்து சங்கடப்படுவார்.

ஆழத்தின் அளவும் அப்படியே. 2,300 என்பதை 3,200 என்று மாற்றிச் சொல்லிவிட்டால் வேறு ஊரில் யாரும் கவனிக்க மாட்டார்கள். தங்கவயலில் கவனிப்பார்கள். அந்தச் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர்கள் எதிரே இருக்கிறார்கள். ஆகவே இந்த ஒரு வாக்கியத்தைக் கூச்சமின்றித் தாளைப் பார்த்தே வாசிக்க வேண்டும். அட்டையை உயர்த்தி, பார்த்து, வாசித்து, மீண்டும் அவையைப் பார்க்கலாம். எண்களையும் விருதுகளையும் பார்த்துச் சொல்வதைக் குறையாக யாரும் நினைப்பதில்லை. அக்கறை என்றே நினைப்பார்கள்.

அட்டை எப்படி இருக்கும்?

பழைய திருமண அழைப்பிதழின் வெற்றுப் பக்கம் இதற்கு மிகப் பொருத்தம். கெட்டியாக இருப்பதால் கை நடுங்கினாலும் அட்டை நடுங்காது. மின்விசிறிக் காற்றில் பறக்காது, சலசலத்து மைக்கில் ஒலிக்காது. உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொண்டு, கையை நீட்டிப் பிடித்தாலும் தெரியும்படி பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்டு எழுத வேண்டும்:

1. தங்கம் தேடாமல் – அமர்ந்திருக்கிறார்
2. 1948 – டாடா நிறுவனம் – சேர்ந்தார்
3. காஸ்மிக் கதிர் – ஆழம் – அளந்தார்
4. வாசிக்க: 1965, சாம்பியன் ரீஃப், ஏறத்தாழ 2,300 மீட்டர், வளிமண்டலத்தில் உருவான நியூட்ரினோக்களின் அடையாளம், இந்திய – ஜப்பானிய – பிரிட்டிஷ் குழுவில் ஒருவர்
5. 1975–87 இயக்குநர் – பணியாற்றினார். 1988 பத்ம பூஷண் – பெற்றார்
6. ஆழத்தில் எதை – கேட்போம்
7. பேராசிரியர் பி. வி. ஸ்ரீகண்டன் அவர்களே, வருக!

பெயர் எவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தாலும் அட்டையில் முழுமையாக இருக்க வேண்டும். முதலெழுத்துகளின் வரிசையும் பட்டமும் சேர்த்து எழுத வேண்டும். பெயரை உச்சரிப்பது எப்படி என்பதில் ஐயம் இருந்தால், விழாவுக்கு முன்பே விருந்தினரிடம் நேரில் கேட்டு, காதில் விழுந்தபடி தமிழில் எழுதிக்கொள்ளலாம். இதைக் கேட்டால் யாரும் வருந்தமாட்டார்கள். பெயரைத் தவறாகச் சொன்னால் வருந்துவார்கள்.

இந்த அட்டைக்குத் தங்கவயலில் கூடுதலாக ஒரு பயன் உண்டு. இங்கே அவை எப்போதும் ஒருமொழி அவையாக இருப்பதில்லை. “கன்னடத்திலும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்” என்று கடைசி நேரத்தில் கேட்பார்கள். தமிழில் நெட்டுருப் போட்டவர் அப்போது திகைத்து நிற்பார். ஆண்டும் ஊரும் பெயரும் கொண்ட அட்டை எந்த மொழியில் பேசினாலும் உதவும்.

கடைசி ஐந்து நிமிடங்கள்

அமெரிக்க உளவியலாளர் மால்கம் பிரென்னர் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். வட்டமாக அமர்ந்தவர்கள் முறைப்படி ஒவ்வொருவராகச் சொற்களை வாசித்தார்கள். பின்னர் கேட்டபோது, தங்கள் முறைக்குச் சற்று முன்னால் மற்றவர்கள் வாசித்த சொற்களே அவர்களுக்கு மிகக் குறைவாக நினைவில் இருந்தன. தன் முறை நெருங்கும்போது மனம் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதால், காதில் விழுவது உள்ளே பதிவதில்லை.

மேடை அறிமுகத்தில் இதன் விளைவு நேரடியானது. நாம் எழுவதற்குச் சற்று முன் விழாப் பொறுப்பாளர் காதோரம் குனிந்து, “விருந்தினர் தலைப்பை மாற்றிவிட்டார்” என்றோ, “அவருடைய மனைவியாரும் வந்திருக்கிறார், பெயரைச் சொல்லிவிடுங்கள்” என்றோ சொல்வார். தலையை ஆட்டுவோம். அது மனத்தில் நிற்கவே நிற்காது. ஆகவே சட்டைப்பையில் ஒரு பேனா இருக்கட்டும். சொன்ன உடனே அட்டையில் எழுதிவிட வேண்டும். நமக்கு முன்னால் பேசுபவர் நம் செய்தி ஒன்றைச் சொல்லிவிட்டால், அந்த வரியின் மேல் அப்போதே ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். மனப்பாடம் செய்தவரால் இந்தக் கோட்டை இழுக்க முடியாது. அன்று என்னால் முடியவில்லை.

ஒத்திகைக்கு அதிக நேரம் தேவையில்லை. முழு உரையை இருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு அதை மூடி வைத்துவிட வேண்டும். பிறகு அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று முறை, நின்றபடியே பேசிப் பார்க்க வேண்டும். மூன்று முறையும் வாக்கியங்கள் சற்று வேறு வேறாக வந்தால் அட்டை சரியாக வேலை செய்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் அச்சடித்ததுபோல் ஒரே சொற்கள் வந்தால், நம்மை அறியாமல் மனப்பாடத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறோம். அப்போது ஒத்திகையை நிறுத்திவிடலாம். ஏதாவது ஒரு வரியில் மூன்று முறையும் தடுமாறினால் அந்த வரிக்குக் குறிப்பு போதவில்லை. அதை “வாசிக்க” என்ற பகுதிக்கு மாற்றிவிட வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்து நேரம் பார்த்து, இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் ஒரு வரியை எடுத்துவிடலாம்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் இந்தக் கலப்பு முறையை விட்டுவிட்டு முழுவதையும் வாசித்துவிடலாம். விருந்தினரே தம் அறிமுகத்தை எழுதி அனுப்பி, இப்படியே சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால், அதன் சொற்கள் அவருடையவை. அதை மாற்ற நமக்கு உரிமையில்லை. அப்போதும் முதல் வாக்கியத்தையும் பெயரையும் தலைநிமிர்ந்து சொல்ல நம்மால் முடியும்.

பெயரைச் சொல்லும் கணத்தில் அட்டையைப் பார்க்க வேண்டாம். அதற்கு முந்திய நிறுத்தத்திலேயே பார்த்துக்கொண்டு, அவையைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு விருந்தினரின் பக்கம் திரும்ப வேண்டும். வரிசை மாறி விருந்தினரைப் பார்த்தபடி பெயரைச் சொன்னால் முகம் மைக்கை விட்டு விலகிவிடும். கடைசி வரிசையில் இருப்பவர்களுக்குக் கைதட்டல் கேட்கும், பெயர் கேட்காது. அவர் மைக்கின் அருகே வந்து நிற்கும்வரை நாம் அங்கேயே நின்று, அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒதுங்கி வழிவிடலாம்.